நன்றியுரையில் யார் பெயரைப் போடுவது?

தமிழ்ச் சமணர்களின் நோன்புகள், வீட்டு வழிபாடு பற்றி நான் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஏழு இயல்கள் உண்டு. அந்த ஏழும் தராத தொல்லையை முன்னால் இருக்கும் இரண்டரைப் பக்க நன்றியுரை தந்தது. பைண்டு செய்து முடித்த ஐந்து பிரதிகளையும் தூக்கி வைத்துவிட்டு மறுபடி அச்சடிக்க வேண்டி வந்தது. அச்சுக்கும் கலர்ப் பக்கங்களுக்கும் பைண்டிங்குக்கும் சேர்த்து 6,800 ரூபாய், அதற்குள் தேதி தாண்டிவிட்டதால் கால நீட்டிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், அதற்கு மேல் இரண்டு மாதத் தாமதம். அந்த இரண்டு மாதமும் உதவித்தொகை நின்று போயிருந்தது. யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. ஆய்வு முறையியல் வகுப்பில் வினாநிரல் தயாரிப்பதிலிருந்து அடிக்குறிப்பு போடுவதுவரை சொல்லித் தந்தார்கள். நன்றியுரை பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாரும் செய்வது ஒன்றுதான்: சீனியரின் நன்றியுரையை வாங்கி, பெயர்களை மாற்றிப் போட்டுக்கொள்வது. ஒரு சமயச் சமூகத்துக்குள் போய் மனிதர்களோடு பேசி ஆய்வு செய்தவர்களுக்கு அந்த வழி ஒத்துவராது. ஏன் என்பதை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் அந்தச் சமூகத்தின் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமண சமயத்தவர் 89,265 பேர். ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வியாபாரத்துக்காக வந்து குடியேறியவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். அவர்களைக் கழித்துவிட்டு, வந்தவாசி, போளூர், செஞ்சி, திண்டிவனம் பக்கங்களில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்து வாழும் நயினார் குடும்பங்களை மட்டும் எடுத்தால் மிகச் சிறிய கூட்டம். ஓர் ஊரில் பத்து வீடு இருக்கும், இன்னோர் ஊரில் இருபது. பெண் கொடுத்து பெண் எடுத்து, எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. 'வந்தவாசிக்குப் பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற டீச்சர்' என்று சொன்னால் போதும், அது யார் என்று மேல்சித்தாமூரில் உட்கார்ந்திருப்பவர் சொல்லிவிடுவார்.

என் ஆய்வேடு தமிழில் எழுதியது. அதனால் நான் பேசிய எல்லாரும் அதை வாசிக்க முடியும். முந்நூற்றுச் சொச்சம் பக்கங்களையும் வாசிப்பார்களா என்றால், மாட்டார்கள். ஆனால் நன்றியுரையைக் கட்டாயம் வாசிப்பார்கள். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை, யார் பெயருக்குப் பிறகு யார் பெயர் என்பதையெல்லாம் பார்ப்பார்கள். பல்கலைக்கழகத்திலோ அந்தப் பக்கத்தை யாரும் சோதிப்பதில்லை. 2018-ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறைப்படி கருத்துத் திருட்டுச் சோதனையிலிருந்து முகவுரையும் நன்றியுரையும் விலக்கப்பட்டவை. நெறியாளர் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். புறநிலைத் தேர்வாளர் பொருளடக்கத்துக்குத் தாண்டிப் போய்விடுவார். ஆக, அந்தப் பக்கத்துக்கு உங்களைத் தவிர வேறு காவல் கிடையாது.

எங்கள் துறையில் வழக்கமான நன்றியுரை 'எல்லாம் வல்ல இறைவனுக்கு என் முதல் நன்றி' என்றுதான் தொடங்கும். என் முதல் வரைவும் அப்படித்தான் தொடங்கியது. ஆய்வுக்காலம் முழுக்க எனக்குத் துணையாக இருந்த ஒரு பெரியவரிடம் அதை வாசித்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. "ஏம்மா, எங்க அருகன் உலகத்தைப் படைச்சவரும் இல்ல, ஆய்வேட்டை முடிச்சுக் கொடுக்கறவரும் இல்ல. இதைத்தானே மூணாவது இயல்ல நீங்களே எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். படைப்புக் கடவுள் என்ற கருத்தை ஏற்காத ஒரு சமயத்தைப் பற்றிய ஆய்வேடு அது. முதல் வரியே அந்தச் சமயத்தின் அடிப்படைக்கு எதிராக நின்றால் வாசிப்பவருக்கு உறுத்தத்தான் செய்யும். அதற்காக அருகனுக்கு நன்றி சொல்லி எழுதினாலும் சரியாக வராது. நான் சமணப் பெண் இல்லை, அது நடிப்பாகிவிடும். கடைசியில் என் நம்பிக்கையைக் குடும்பத்துக்கு நன்றி சொல்லும் பத்தியில் 'எங்கள் குலதெய்வத்தை நினைத்துக்கொள்கிறேன்' என்று வைத்துக்கொண்டேன். அங்கே அது என்னுடையது என்பது தெளிவாகத் தெரியும், யாரையும் உரசாது. இஸ்லாமியர், கிறித்தவர், அய்யாவழி மக்கள் என்று எந்தச் சமூகத்தைப் பற்றி எழுதினாலும் இந்த முதல் வரியை ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். பிறர் சமயத்துக்கு நன்றி சொல்லும் இடமும் நம் சமயத்தைச் சொல்லும் இடமும் கலக்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது தகவல் தந்தவர்கள். என் சிக்கலின் மையம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் நாட்டார் வழக்காற்றியல், மானிடவியல் சார்ந்த ஆய்வேடுகளில் பின்னிணைப்பாகத் 'தகவலாளர் பட்டியல்' என்று ஒன்று போடுவது மரபு. பெயர், வயது, சாதி, தொழில், ஊர் எல்லாம் அதில் இருக்கும். ஆய்வாளர் உண்மையிலேயே களத்துக்குப் போனார் என்பதற்கு அது சான்று. பாட்டு, கதை, விடுகதை சேகரித்த காலத்தில் அதில் பெரிய ஆபத்து இருக்கவில்லை. நான் சேகரித்தது அப்படிப்பட்டது இல்லை. நோன்பைப் பாதியில் விட்டவர்கள், வெளிச் சமூகத்தில் மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கோயில் விசேஷத்தில் ஒதுங்கி நிற்பவர்கள், வடக்கேயிருந்து வரும் பணத்தில் நடக்கும் திருப்பணி பற்றி மனத்தாங்கல் உள்ளவர்கள் என்று பலர் என்னிடம் மனம் விட்டுப் பேசியிருந்தார்கள். இயல்களுக்குள் எல்லாருக்கும் மாற்றுப் பெயர் கொடுத்திருந்தேன். ஆனால் பட்டியலில் உண்மைப் பெயர் இருந்து, நன்றியுரையில் 'இன்ன ஊர் தலைமையாசிரியை அம்மா பல மணி நேரம் பொறுமையாகப் பேசினார்' என்றும் இருந்தால், மாற்றுப் பெயர் கொடுத்து என்ன பயன்?

எடுத்துக்காட்டாக ஒருவரை மட்டும் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை இங்கேயும் மாற்றியிருக்கிறேன். ஐந்தாம் இயலில் ஓர் அம்மா தன் மருமகள் நோன்பு இருக்க மறுத்ததையும், அதனால் வீட்டில் நடந்த சண்டையையும் சொல்கிறார். அங்கே அவருக்கு நான் வைத்த பெயர் வேறு, ஊர் சொல்லவில்லை. ஆனால் அறுபதைத் தாண்டியவர், ஆசிரியையாக இருந்தவர், மகன் வெளிநாட்டில் என்ற மூன்று விவரங்கள் பேச்சின் போக்கில் வந்துவிட்டன. என் பழைய நன்றியுரை வரைவில் இவருடைய உண்மைப் பெயர், ஊர், 'ஓய்வுபெற்ற ஆசிரியை' என்ற குறிப்பு மூன்றும் இருந்தன. ஆசிரியை என்ற ஒரே சொல் இரண்டு பக்கங்களையும் கட்டிப்போட்டுவிடும். மருமகள் யார் என்பது அதன் பிறகு ஊருக்கே தெரியும். இதைக் கண்டுபிடிக்க நான் செய்த வேலை எளியது. நன்றியுரையில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அவரைப் பற்றி நன்றியுரை சொல்லும் விவரங்களை எழுதினேன். இன்னொரு தாளில் இயல்களில் வரும் ஒவ்வொரு மாற்றுப் பெயரையும், அதோடு ஒட்டியிருக்கும் வயது, தொழில், பிள்ளைகள் விவரத்தையும் எழுதினேன். இரண்டையும் அருகில் வைத்துப் பார்த்தபோது பொருந்திப்போன ஜோடிகள் பல கண்ணில் பட்டன. பொருந்திய இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு பக்கத்தைக் கலைத்தேன். பெரும்பாலும் நன்றியுரைப் பக்கத்தைத்தான். ஏனென்றால் இயலில் வயதையோ தொழிலையோ மாற்றினால் சில இடங்களில் வாதமே ஆட்டம் கண்டுவிடும்.

இதில் இன்னொரு சங்கதி. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை யாரும் வாசிக்கலாம் என்று இணையத்தில் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் ஆய்வேடுகள் ஏறும்போது பெரும்பாலும் ஒரே கோப்பாக ஏறுவதில்லை. தலைப்புப் பக்கம் ஒரு பிடிஎஃப், சான்றிதழ் ஒன்று, ஒவ்வோர் இயலும் தனித்தனி என்று பிரித்து ஏற்றுவார்கள். நன்றியுரையும் பல சமயம் acknowledgement.pdf என்பது போன்ற பெயரில் தனிக் கோப்பாக நிற்கும். ஆய்வேட்டைத் தேடாதவர்கூட, ஒருவர் பெயரையோ ஊர்ப் பெயரையோ தேடினால் அந்த ஒற்றைப் பக்கத்தில் வந்து விழலாம். ஆய்வேடு நூலகத்தின் மூலையில் தூசி படிந்து கிடந்த காலத்துப் பழக்கத்தை அப்படியே தொடர்வது இனிமேல் சரிப்படாது.

சரி, அப்படியென்றால் யார் பெயரையும் போடாமல் விட்டுவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதுவும் தப்பு. ஒரு சமூகம் தன் அறிவைத் தூக்கிக் கொடுக்கிறது, அதை வாங்கிக்கொண்டு 'பெயர் சொல்ல விரும்பாத அன்பர்கள்' என்று ஒரே வரியில் முடித்தால் அது அபகரிப்பு. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கும்பகோணத்துச் சமணர்களிடம் போய் உட்கார்ந்துதான் பல சமயச் சொற்களுக்குப் பொருள் தெரிந்துகொண்டார். சந்திரநாத செட்டியாரையும் வீடூர் அப்பாசாமி நயினாரையும் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது என்றால், ஐயர் அவர்களைப் பெயர் சொல்லி எழுதிவைத்ததால்தான். 1887-இல் வெளிவந்த ஒரு பதிப்புக்குப் பின்னால் இருந்த மனிதர்கள் அவர்கள். அதை நினைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. அறிவைத் தந்தவர்கள் வேறு, வாழ்க்கையைத் தந்தவர்கள் வேறு. ஓலைச்சுவடியை எடுத்துக் காட்டியவர், கல்வெட்டு இருக்கும் பாறைக்குக் கூட்டிப்போனவர், நோன்பின் விதிகளை நூல் வைத்து விளக்கியவர், கோயில் வழிபாட்டு முறையைச் சொன்ன உபாத்தியாயர் இவர்களெல்லாம் முதல் வகை. அவர்கள் சொன்னது அவர்களுடைய புலமை, பெயரோடு வருவதுதான் மரியாதை. தன் வீட்டு நடப்பைச் சொன்னவர்கள் இரண்டாம் வகை. அவர்களுக்கு மொத்தமாக, ஆனால் மனதார நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டு வகையிலும் இருப்பவர்கள் சிலர் உண்டு. சுவடியும் காட்டினார், குடும்பக் கதையும் சொன்னார். அவர்களுக்காகவே ஒரு வரி சேர்த்தேன்: 'இங்கே பெயர் குறிப்பிடப்பட்டவர்கள் எல்லாரும் இயல்களில் பேசுபவர்கள் அல்லர், இயல்களில் பேசுபவர்கள் எல்லாரும் இங்கே குறிப்பிடப்படவில்லை. ஆய்வின் முடிவுகளுக்கு நானே பொறுப்பு.' இந்த வரி ஒரு திரை போல வேலை செய்யும். கூடவே, பெயர்களோடு ஊரைச் சேர்க்காமல், ஊர்களைத் தனி வாக்கியத்தில் அகர வரிசையில் தந்தேன். தகவலாளர் பட்டியலைப் பற்றி நெறியாளரிடம் பேசி, ஆய்வேட்டில் குறியீட்டு எண், ஆண் பெண், பத்து வருட வயது வரம்பு, மாவட்டம் மட்டும் போதும் என்றும், உண்மைப் பெயர்கள் உள்ள பட்டியலை மூடிய உறையில் ஆய்வுக் குழுவிடம் காட்டினால் போதும் என்றும் ஒப்புதல் வாங்கினேன். இதைக் கடிதமாக எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழித் தேர்வில் 'பட்டியல் எங்கே?' என்ற கேள்வி வந்தே தீரும்.

இனி அந்த ஐந்து பிரதிகளின் கதை. ஒரு கிராமத்தில் கோயில் காரியங்களை நெடுநாளாகக் கவனித்து வந்த ஐயா ஒருவர் முதல் வகையைச் சேர்ந்தவர். கோயில் வரலாறு, எந்தக் குடும்பத்துக்கு எந்த நாளில் அபிஷேக உரிமை என்பதெல்லாம் அவர் சொன்னது. ஒப்புதல் படிவத்தில் 'பெயர் குறிப்பிடலாம்' என்ற கட்டத்தில் அவரே டிக் அடித்திருந்தார். பிரதிகள் பைண்டாகி வந்து மறுநாளோ அதற்கு மறுநாளோ அவரிடமிருந்து போன் வந்தது. ஊரில் கோயில் நிர்வாகம் பற்றித் தகராறு கிளம்பிவிட்டது, இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். "அம்மா, என் பேரை எடுத்துடுங்க. நான் சொன்னதா புத்தகத்துல வந்தா, உரிமையை நான்தான் எழுதிக் கொடுத்தேன்னு பேசுவாங்க" என்றார். குரலில் கெஞ்சல் இருந்தது, அது எனக்குத் தாங்கவில்லை. படிவத்தில் கையெழுத்து இருக்கிறதே என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அந்தப் படிவத்தின் கடைசி வரியிலேயே 'எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்' என்று நான்தான் அச்சடித்துக் கொடுத்திருந்தேன். அவரிடம் கையெழுத்தைக் காட்டி வாதாடுவதற்காக அதை எழுதவில்லை.

ஒரே தாள் என்றால் பைண்டரே சரி செய்வார். பழைய தாளை முதுகுப் பக்கம் அரை அங்குலம் விட்டு வெட்டி, அந்த ஒட்டின் மேல் புதுத் தாளைப் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். ஆனால் ஐயாவின் பெயர் நன்றியுரையில் மட்டும் இல்லை. நான்காம் இயலின் அடிக்குறிப்புகளிலும் ஒரு புகைப்படத்தின் கீழேயும் இருந்தது. அடிக்குறிப்பை எடுத்ததும் பக்கங்கள் நகர்ந்துவிட்டன. அதனால்தான் முழுசாக அச்சடிக்க வேண்டி வந்தது. ரெக்சின் அட்டை போட்ட ஐந்து பிரதிகளை வீட்டு அலமாரியில் அடுக்கியபோது எனக்கு அழுகையாக வந்தது. அந்த மாதம் மகளின் பள்ளிக் கட்டணம் வேறு பாக்கி. இருந்தாலும் அவர் பெயரோடு அதைக் கொண்டுபோய் கொடுத்திருந்தால் அந்த ஊருக்குள் மறுபடி எந்த முகத்தோடு போவது? இதிலிருந்து சொல்லக்கூடியது: முதலில் ஸ்பைரல் பைண்டிங் செய்த ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, பெயர் வரும் ஒவ்வொருவருக்கும் அவர் பெயர் வரும் வாக்கியத்தைப் போனிலாவது வாசித்துக் காட்டுங்கள். 'இப்போதும் சம்மதமா?' என்று கேளுங்கள். படிவம் வாங்கியதற்கும் ஆய்வேடு முடிவதற்கும் நடுவில் வருடங்கள் ஓடியிருக்கும், ஊர் நிலவரம் மாறியிருக்கும். பெயர்களைப் பல இடத்தில் தூவாமல் நன்றியுரையிலும் ஒரே ஓர் அடிக்குறிப்பிலும் வையுங்கள். நன்றியுரைக்கு ரோமன் எண்களில் தனிப் பக்க எண் கொடுத்தால் அங்கே வரும் மாற்றம் இயல்களைத் தொடாது.

இப்படி வாசித்துக் காட்டியதில் இன்னொன்றும் தப்பியது. ஒரு வீட்டில் நான் பல நாள் தங்கியிருக்கிறேன். அந்த அக்காவுக்கு நன்றி சொல்ல, 'களத்திலிருந்து எந்நேரம் திரும்பினாலும் சுடச்சுடச் சோறு போட்ட' என்று எழுதியிருந்தேன். நம் வீடுகளில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. வாசித்ததும் அக்கா முகம் மாறிவிட்டது. "எந்நேரமும்னா ராத்திரின்னுதானே அர்த்தம்? எங்க வீட்ல பொழுது சாஞ்சா அடுப்பு பத்த வைக்கறதில்லன்னு எங்க மாமியார் ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்காங்க" என்றார். இருட்டிய பிறகு உண்ணாமை அவர்களுக்கு வெறும் பழக்கம் இல்லை, அகிம்சையோடு சேர்ந்த விரதம். நான் இரவில் பசியோடு வந்ததைப் பார்த்து மனம் பொறுக்காமல் அந்த அக்கா சில நாள் எனக்கு மட்டும் சமைத்துப் போட்டார். அந்த அன்பைப் பாராட்டப் போய் அவரைச் சொந்தக்காரர்கள் முன்னால் குற்றவாளி ஆக்கியிருப்பேன். 'என்னைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக வைத்துக்கொண்ட' என்று மாற்றினோம். அவரே சொல்லித் தந்த வாசகம் அது. சமணர் வீட்டில் சாப்பாட்டைப் பற்றி எழுதும்போது நேரம், கிழங்கு, வெங்காயம், பூண்டு இவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும். மற்றச் சமூகங்களில் வேறு ஏதாவது இருக்கும். விருந்தோம்பலைப் பற்றிய வாக்கியங்களை மட்டும் தனியாக எடுத்து, உள்ளே இருப்பவர் ஒருவரிடம் காட்டுவது அவசியம். நம் கண்ணுக்கு அது பாராட்டாகவே தெரியும், அதனால் நாமே கண்டுபிடிக்க வழியில்லை.

துறவிகளுக்கும் மடங்களுக்கும் நன்றி சொல்வது தனிக் கலை. மேல்சித்தாமூரில் உள்ள ஜினகாஞ்சி மடம் பழையது. போளூர் அருகே திருமலையில் உள்ள அரகந்தகிரி மடம் 1998-இல் ஏற்பட்டது. இரண்டு இடத்திலும் உதவி பெற்றவர், நிறுவப்பட்ட கால வரிசையில் எழுதிவிடலாம். 'காலமுறைப்படி' என்று ஒரு சொல்லையும் சேர்த்துவிட்டால், முன்னால் வைத்ததற்கு உள்நோக்கம் கற்பிக்க இடமிருக்காது. அடைமொழியில் கவனம் தேவை. திகம்பர முனிவர்களின் பெயருக்கு முன்னால் 108 என்றும், பெண் துறவியரான ஆர்யிகைகளின் பெயருக்கு முன்னால் 105 என்றும் எண் போட்டு எழுதுவது வழக்கம். காவி உடுத்தி மடத்தை நடத்தும் பட்டாரகர் முனிவர் நிலையில் உள்ளவர் அல்லர், அவருக்கு அடைமொழி வேறு. ஊகித்து எழுதாதீர்கள். மடத்தின் விழா அழைப்பிதழ் ஒன்றை வாங்கி, அதில் எப்படி அச்சாகியிருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். 'ஆசி வழங்கிய' என்ற சொல்லையும் நான் தவிர்த்தேன். ஆசி என்றால் ஆய்வேட்டில் சொன்னதற்கெல்லாம் மடத்தின் ஒப்புதல் இருக்கிறது என்று ஆகிவிடும். 'சந்திக்க நேரம் ஒதுக்கி, ஐயங்களைத் தெளிவித்த' என்பது நடந்ததை அப்படியே சொல்கிறது. மரியாதையும் குறையவில்லை.

பணம் தந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். உதவித்தொகை வாங்கியவர்கள் அனுமதி ஆணையை எடுத்துப் பாருங்கள். ஐசிஎஸ்எஸ்ஆர் போன்ற நிறுவனங்கள் எந்த வாசகத்தில் குறிப்பிட வேண்டும் என்று விதியிலேயே சொல்லியிருக்கும். ஆய்வு அவர்களுடைய நிதியுதவியில் நடந்தது, ஆனால் அதில் உள்ள செய்திகளுக்கும் கருத்துகளுக்கும் முடிவுகளுக்கும் ஆய்வாளரே முழுப் பொறுப்பு என்பது அதன் சாரம். அதை அழகுபடுத்தி மாற்றி எழுத வேண்டாம். கடைசித் தவணை கேட்கும்போது அந்த வாசகம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எனக்குச் சிக்கல் வந்தது வேறு பணத்தில். சுவடிகளைப் படம் எடுக்க ஓர் அறக்கட்டளை 25,000 ரூபாய் கொடுத்தது. அதே சமூகத்தைச் சேர்ந்தவர்கள் நடத்துவது. நல்ல மனதோடு கொடுத்தார்கள். பிறகு அதன் பொறுப்பாளர் ஒருவர், தன் பெயர் நெறியாளர் பெயருக்கு முன்னால், படத்தோடு வர வேண்டும் என்றார். நேருக்கு நேர் மறுக்க எனக்குத் தைரியம் வரவில்லை, பல்கலைக்கழக வடிவமைப்பு விதியைக் காட்டி மறுத்தேன். விதியில் படத்துக்கு இடமே கிடையாது என்பதும் உண்மைதான். சிலர் இந்த மாதிரிப் பணத்தை மறைத்து 'அன்பர்கள் உதவி' என்று எழுதிவிடச் சொன்னார்கள். அது கூடவே கூடாது. எந்தச் சமூகத்தைப் பற்றி எழுதுகிறோமோ அதனிடமே பணம் வாங்கியிருந்தால் வாசிப்பவருக்கு அது தெரிய வேண்டும். 'சுவடிகளைப் படம் எடுக்கும் செலவுக்கு மட்டும் இன்ன அறக்கட்டளை 25,000 ரூபாய் வழங்கியது. ஆய்வின் போக்கிலோ முடிவிலோ அதற்குப் பங்கில்லை' என்று நிதிக்கெனத் தனிப் பத்தி வைத்தேன். தொகையைச் சொன்னது பொறுப்பாளருக்கு முதலில் பிடிக்கவில்லை. அப்புறம் அறக்கட்டளைக் கணக்குக்கு அதுவே ஆதாரமாகிவிட்டது என்று அவரே அந்தப் பக்கத்தை நகல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

குடும்பம் கடைசி. இங்கே உணர்ச்சி அதிகமாகி வீட்டு விஷயம் வெளியே கொட்டிவிடும். கடன், மருத்துவம், மாமியாரோடு நடந்த வாக்குவாதம் எல்லாம் 'தியாகம்' என்ற பெயரில் உள்ளே வந்துவிடும். என் மாமியார் தொடக்கத்தில் நான் கிராமம் கிராமமாகப் போவதை விரும்பவில்லை. பிறகு அவர்தான் மகளைப் பார்த்துக்கொண்டார். முதல் பாதியை எழுதாமல், 'நான் களத்தில் இருந்த நாள்களில் மகளைக் கவனித்துக்கொண்ட அத்தை' என்று எழுதினேன். அதை வாசித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். நடந்த ஒரு காரியத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் போதும். என் தம்பி பைக்கில் கூட்டிப்போன ஊர்களை எழுத ஆசையாக இருந்தது, ஆனால் அந்த ஊர் வரிசை நான் யார் யாரைப் பார்த்தேன் என்பதைக் காட்டிக் கொடுக்கும் என்பதால் விட்டுவிட்டேன். என் கணவரின் நண்பர்தான் முதல் குடும்பத்தை அறிமுகப்படுத்தியவர். அவரையும் அதே காரணத்துக்காகத் தொழில் சொல்லாமல், உறவு சொல்லாமல், நண்பர்கள் பட்டியலின் நடுவில் சேர்த்தேன். அவரிடம் முன்கூட்டியே காரணத்தைச் சொன்னதால் வருத்தம் இல்லை. விடுபட்டவர்களுக்கும் ஒதுக்கமாகப் பெயர் வருபவர்களுக்கும் முன்னாலேயே நேரில் சொல்லிவிடுங்கள், அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ள விடாதீர்கள்.

இப்போது ஒரு பதிப்பகம் ஆய்வேட்டை நூலாகக் கேட்கிறது. பழைய சம்மதம் ஆய்வேட்டுக்குத்தான், கடைக்கு வரும் புத்தகத்துக்கு இல்லை. எனவே பெயர் வருபவர்களிடமெல்லாம் மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெயரை எடுக்கச் சொன்ன ஐயாவுக்கும் போன் செய்தேன். ஊர்த் தகராறு ஓய்ந்துவிட்டதாம். பெயரைப் பற்றிப் பங்குனியில் திருவிழா முடிந்ததும் சொல்கிறேன் என்றிருக்கிறார். அதுவரை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம் என்று பதிப்பாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.